ஊர் துயரத்தில் இருக்கும்போது வரிசையில் காத்திருக்கும் விளம்பரங்கள்

ஒரு ஊரில் பெரிய விபத்தோ வெள்ளமோ நடந்த இரவில், அந்த ஊர் மக்களுக்கு விளம்பரம் அனுப்பலாம் என்று எந்த நிறுவனத்திலும் யாரும் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. அந்த முடிவு போன வாரமே எடுக்கப்பட்டிருக்கும். எழுதி, படம் சேர்த்து, மேலாளர் பார்த்துச் சரி சொல்லி, நாளும் நேரமும் குறித்து வைத்தாயிற்று. இனி யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அது போகும். இந்த வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: துயர நேரத்தில் மனதைப் புண்படுத்தும் விளம்பரங்களில் பெரும்பாலானவை கல்நெஞ்சத்தால் வருபவை அல்ல. நிறுத்த ஆள் இல்லாததால் வருபவை.

2012 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் அரோரா நகரில் ஒரு திரையரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் இறந்தார்கள். சில மணி நேரத்தில், அந்நாட்டின் தேசிய ரைபிள் சங்கம் நடத்தும் இதழின் ட்விட்டர் கணக்கில் துப்பாக்கி சுடுபவர்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, வார இறுதிக்கு என்ன திட்டம் என்று கேட்கும் பதிவு வந்தது. பதிவை எழுதியவருக்கு நடந்தது தெரியாது என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். அதை நான் நம்புகிறேன். முந்தைய வெள்ளிக்கிழமை அதே வரி வந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். வரி மாறவில்லை, வாசிப்பவர் இருக்கும் நிலை மாறிவிட்டது.

எனவே முதல் வேலை இரங்கல் எழுதுவது அல்ல. நம் பெயரில் எங்கிருந்தெல்லாம் செய்தி கிளம்புகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள் என்பதால் ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு மெதுவாகவே போகலாம்.

வீட்டுச் சாமான்களை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெரிய தள்ளுபடி விற்பனை தொடங்குகிறது. வெள்ளி இரவு ஆற்றின் கரை உடைந்து, வாடிக்கையாளர்கள் நிறையப் பேர் இருக்கும் ஒரு மாவட்டத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆட்களைக் காணவில்லை, மீட்புப் பணி நடக்கிறது. இரவு 11 மணிக்குச் சந்தைப்படுத்தல் குழுவில் ஒருவர் செய்தியைப் பார்க்கிறார். சமூக ஊடகப் பதிவுகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கும் கருவிக்குள் நுழைந்து, காலையில் போகவிருந்த பதிவுகளை நிறுத்துகிறார். மின்னஞ்சல் நாட்காட்டியைத் திறந்து விற்பனை அறிவிப்பை ரத்து செய்கிறார். நாட்காட்டி காலியாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்துத் தூங்கப் போகிறார்.

ஆனால் நாட்காட்டியில் தெரிவது பாதிதான். மீதி, ஆளுக்கு ஆள் தனித்தனியாகத் தானே கிளம்பும் செய்திகள். கூடையில் பொருளை வைத்துவிட்டு வாங்காமல் போனவருக்கு அடுத்த நாள் போகும் நினைவூட்டல் ஒன்று. மூன்று மாதமாக வராதவருக்கு ‘உங்களைக் காணோமே!’ என்று தலைப்பிட்டுப் போகும் மின்னஞ்சல் ஒன்று. ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும் ஊருக்கு அந்தத் தலைப்பு போய்ச் சேர்வதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பொருள் கிடைத்த மூன்றாம் நாள் ‘புதுக் கட்டில் எப்படி இருக்கிறது? நட்சத்திரம் கொடுங்கள்’ என்று கேட்கும் செய்தி. கட்டிலோ தண்ணீருக்கடியில் இருக்கும். தவணை பாக்கி நினைவூட்டல், பிறந்தநாள் சலுகை, பட்டியலில் இருந்த பொருளின் விலை குறைந்ததும் போனில் ஒளிரும் அறிவிப்பு. இவை எதுவும் நாட்காட்டியில் இருக்காது. ஒருமுறை அமைத்துவிட்டால் வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருப்பவை, அமைத்தவர் வேலையை விட்டே போயிருப்பார்.

இவற்றைத் தவிர நம் கையில் இல்லாதவையும் உண்டு. பணம் கொடுத்து ஓடும் விளம்பரங்கள் வேறொரு கணக்கில், பெரும்பாலும் வேறொரு ஏஜென்சியின் கையில் இருக்கும். நம் பொருளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்ட இன்ஃப்ளூயன்சர் காலையில் சிரித்த முகத்தோடு வீடியோ போடுவார். இணையதளத்தின் முகப்பில் ‘இன்னும் 9 மணி நேரத்தில்’ என்று கடிகாரம் ஓடும். உதவி எண்ணை அழைத்துக் காத்திருப்பவர் காதில் துள்ளலிசையோடு சலுகை விளம்பரம் ஒலிக்கும். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர் ஆர்டரை ரத்து செய்ய அழைத்தால் கேட்பது அதைத்தான்.

ஆகவே, எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தெந்த வழியாகச் செய்தி போகிறது, எந்தக் கருவியில், நிறுத்தும் பொத்தான் எங்கே, அதற்கான அனுமதி யாரிடம், இரவில் அவர் எண் என்ன. பட்டியல் சரிதானா என்று தெரிந்துகொள்ள நான் நம்பும் ஒரே வழி, சொந்த எண்ணிலும் சொந்த மின்னஞ்சலிலும் வாடிக்கையாளராகச் சேர்வது. ஒரு பொருள் வாங்கி, ஒன்றைக் கூடையில் விட்டுவிட்டு, சில வாரம் வருவதையெல்லாம் சேர்த்து வையுங்கள். பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்று கட்டாயம் வரும்.

யார் நிறுத்தலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். நான் வேலை செய்த இடங்களில் நன்றாக வேலைக்கு ஆனது ஒரு எளிய விதி: நிறுத்த யாருக்கும் அனுமதி உண்டு, யாரையும் கேட்க வேண்டாம். மறுபடி ஓடவிடத்தான் இரண்டு பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். தேவையில்லாமல் நிறுத்திவிட்டால் சில மணி நேர விற்பனை போகும், அடுத்த நாள் ஈடு செய்துகொள்ளலாம். நிறுத்த வேண்டியதை நிறுத்தாமல் விட்டதற்கு ஈடு கிடையாது. பெரும்பாலான அலுவலகங்களில் இது தலைகீழாக இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த மேலாளரைக் கேட்க வேண்டும், மேலாளர் தூங்கிக்கொண்டிருப்பார்.

நிறுத்தும்போது நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது, திரும்பப் பெற முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியும் போன் அறிவிப்பும் முதலில். அவை போய்விட்டால் போனதுதான், அதுவும் உறவினரிடமிருந்து தகவல் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் கையிலேயே ஒளிரும். அப்புறம் மின்னஞ்சல், பெரிய பட்டியலாக இருந்தால் தொகுதி தொகுதியாகப் போகும் என்பதால், பாதியில் பிடித்தாலும் மீதியைத் தடுக்க முடியலாம். பதிவுகளை அழிக்கலாம், ஆனால் அதற்குள் யாராவது படம் பிடித்திருப்பார்கள். விளம்பரங்களை நிறுத்த ஒரு பொத்தான் போதும். ஏஜென்சிக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் படுக்காதீர்கள், அழைத்துப் பேசுங்கள்.

நிறுத்தக் கூடாதவையும் இருக்கின்றன. ஓடிபி, பணம் செலுத்திய ரசீது, பொருள் தாமதமாகும் என்ற தகவல் ஆகியவை கண்டிப்பாகப் போக வேண்டும். ஆனால் அவற்றின் வார்த்தைகளை ஒருமுறை வாசியுங்கள். ‘ஹையா! உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது!’ என்று தொடங்கி, அடியில் ‘இதையும் வாங்கலாமே’ என்று நான்கு படங்களோடு முடியும் தகவல்தான் பல இடங்களில் இருக்கிறது. அந்த அடிப்பகுதியை எடுத்துவிட்டு முதல் வரியைச் சாதாரணமாக்கினால் போதும்.

இனி, எவ்வளவு தூரம் நிறுத்துவது? அந்த மாவட்டத்துக்கு மட்டுமா, எல்லோருக்குமா? 2012 அக்டோபரில் சாண்டி புயல் அமெரிக்காவின் கிழக்குக் கரையைத் தாக்கியபோது, அமெரிக்கன் அப்பாரல் என்ற துணி நிறுவனம் புயல் பாதித்த மாநிலங்களில் இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. புயலில் போரடித்தால் என்று சொல்லி, 36 மணி நேரத்துக்கு 20 சதவீதத் தள்ளுபடி. பணம் செலுத்தும்போது தட்ட வேண்டிய குறியீடு SANDYSALE. எனக்கு இதில் உறுத்துவது வார்த்தைகளைவிட அந்தப் பட்டியல்தான். எந்தெந்த மாநிலத்தில் மக்கள் அடைந்து கிடக்கிறார்கள் என்று அவர்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அவர்களை விட்டுவிட்டு அனுப்பப் பயன்பட்டிருக்க வேண்டிய தகவலை, அவர்களுக்கு மட்டும் அனுப்பப் பயன்படுத்தினார்கள்.

முகவரியை வைத்துப் பிரிக்கும் வசதி நம் எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கொண்டு பாதித்த பகுதியை விலக்கலாம். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. நம்மிடம் இருப்பது பொருள் போய்ச் சேர வேண்டிய முகவரி. அந்த ஊரில் பிறந்து வேறு நகரத்தில் வேலை பார்ப்பவர் அதில் சிக்க மாட்டார், அம்மா போனை எடுக்கவில்லையே என்று அவரும் அந்த இரவு விழித்துத்தான் இருப்பார். அதனால் தேடுதல் நடந்துகொண்டிருக்கும் வரை எல்லோருக்கும் நிறுத்துவதும், அது முடிந்தபின் பாதித்த பகுதியை மட்டும் விலக்கி மற்றவர்களுக்குத் தொடங்குவதும் எனக்குச் சரியாகப் படுகிறது.

தூரத்தில் நடக்கும் ஒவ்வொரு துயரத்துக்கும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் வருடம் முழுக்க எந்த நாளும் அனுப்ப முடியாது. நான் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விகள். நம் செய்தியை வாசிப்பவர்களில் இதனால் நேரடியாக அடிபட்டவர்கள் இருக்கிறார்களா? நாம் விற்பதோ சொல்வதோ நடந்ததை ஞாபகப்படுத்துமா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்றால் தூரம் கணக்கில்லை. விமான விபத்து எங்கே நடந்தாலும், விமான டிக்கெட் விற்பவர் அன்று தன் விளம்பரங்களை நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

சரி, நிறுத்தியாயிற்று. இப்போது யாராவது, ‘நாம் ஏதாவது சொல்ல வேண்டாமா?’ என்று கேட்பார். என் பதில் பெரும்பாலும், சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்பதுதான். நம் உதாரண நிறுவனத்தில் சனிக்கிழமை காலை ஒருவர் இப்படி எழுதிக்கொண்டு வருகிறார்:

‘நேற்றைய துயரச் சம்பவம் எங்கள் இதயத்தை நொறுக்கிவிட்டது. இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் குடும்பமாகிய உங்களுடன் நாங்கள் துணை நிற்கிறோம். பாதுகாப்பாக இருங்கள்!’

எழுதியவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இதில் நிறுவனத்தின் இதயம்தான் முதலில் வருகிறது. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று இல்லை. எந்தத் துயரத்துக்கும் பொருந்தும். துணை நிற்கிறோம் என்கிறது, எப்படி என்று சொல்லவில்லை. தண்ணீருக்கு நடுவே மொட்டை மாடியில் இருப்பவரிடம் ‘பாதுகாப்பாக இருங்கள்’ என்பதும், அதற்கொரு ஆச்சரியக்குறியும்! அதன் கீழே நிறுவனத்தின் முத்திரை வேறு பெரிதாக. இதற்குப் பதிலாகக் கிடங்குக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் போன் செய்து கேட்டால் எழுதுவதற்கு விஷயம் கிடைக்கும்:

‘ஆற்றங்கரைப் பகுதிகளுக்கு அனுப்ப வேண்டிய பொருட்களைக் கிடங்கிலேயே வைத்திருக்கிறோம். சாலை திறந்ததும் உங்களைக் கேட்டுவிட்டே அனுப்புவோம். வேண்டாம் என்றால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம், காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தப் பகுதியில் உள்ளவர்களுக்குத் தவணை நினைவூட்டல்களையும் தாமதக் கட்டணத்தையும் இந்த மாதம் முழுவதும் நிறுத்தியிருக்கிறோம். உறவினர்களைத் தேடுபவர்கள் மாவட்ட நிர்வாகத்தின் உதவி எண்ணை அழைக்கலாம்.’

இதில் துக்கம் என்ற சொல்லே இல்லை. ஆனாலும் எழுதியவர்கள் ஊரின் நிலையை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும். முதலில் ஒரு வரி அனுதாபம் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம், ஊரின் பெயரைச் சொல்லி, ஒரே வரியில். உதவி எண்ணை மட்டும் அதிகாரபூர்வ அறிவிப்பிலிருந்து எடுத்து, போடுவதற்கு முன் அழைத்துப் பார்த்துவிடுங்கள். இறந்தவர்கள் எண்ணிக்கையை எழுதவே எழுதாதீர்கள். அது மாறிக்கொண்டே இருக்கும், மாற்றி எழுத நாளை நமக்கு ஞாபகம் இருக்காது. காரணத்தைப் பற்றியும் ஒரு சொல் வேண்டாம். அழும் முகங்களின் படம் எந்த நோக்கத்துக்கும் வேண்டாம்.

இந்தச் செய்தியை வெளியிடுமுன் அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் வாசிக்க வேண்டும். ஆனால் அலுவலகத்தில் அந்த ஊர்க்காரர் இருந்தால், தயவுசெய்து அவரைக் கேட்காதீர்கள். அவர் அன்று சக ஊழியர் அல்ல, பாதிக்கப்பட்டவர். அங்கே முன்பு வேலை பார்த்தவரையோ பக்கத்து ஊர்க்காரரையோ கேட்கலாம்.

நன்கொடை பற்றியும் சொல்ல வேண்டும். ‘இந்த வாரம் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளிலிருந்தும் ஒரு பங்கு நிவாரணத்துக்கு’ என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது நிறுத்தி வைத்த விற்பனையைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவதுதான். கொடுப்பதானால் யாரும் எதுவும் வாங்காமலே கொடுங்கள். கூகுளின் விளம்பரக் கொள்கையிலேயே, பேரிடர் போன்ற நிகழ்வுகளை ஆதாயமாக்கிக்கொள்ளும் விளம்பரங்களுக்குத் தடை இருக்கிறது. விதி இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைச் சொல்லவில்லை. வீட்டை இழந்தவர் அந்த வரியை எப்படி வாசிப்பார் என்பதே எனக்குப் போதும்.

மறுபடி தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மூன்று நாள், ஒரு வாரம் என்று பொதுவான கணக்குச் சொல்ல முடியாது. நான் சில அடையாளங்களைப் பார்ப்பேன். தேடுதல் முடிந்துவிட்டதா, இறுதிச் சடங்குகள் நடந்துவிட்டனவா, பள்ளிகள் திறந்துவிட்டனவா. இவற்றைவிட நம்பகமான இன்னொன்று நம் உதவி மையத்திலேயே கிடைக்கும். அந்தப் பகுதியிலிருந்து வருபவர்கள் வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல், வேறு நிறத்தில் இருக்கிறதா, எப்போது வரும் என்று வழக்கமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்களா என்று சேவைக் குழுவிடம் கேளுங்கள். ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்று அவர்களுக்கு நம் எல்லோரையும்விட முன்பே தெரியும்.

விளம்பரக் குழுவிலிருந்து ஒரு நெருக்கடி வரும், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பை 7 நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துத் தொடங்கினால், யாருக்குக் காட்டுவது என்று அந்த அமைப்பு கற்றுக்கொள்ளும் கட்டம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆறாம் நாள் ‘இன்று தொடங்காவிட்டால் செலவு கூடும்’ என்று யாராவது சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். இருந்தாலும் ஊர் தயாராக இல்லை என்றால் அந்தச் செலவை ஏற்றுக்கொள்வதுதான் முறை. பாதித்த பகுதியை விலக்கிவிட்டு மற்ற இடங்களில் தொடங்க முடிந்தால் தொடங்கலாம்.

தொடங்கும் பொத்தானை அழுத்துமுன், நிறுத்தி வைத்தவை என்ன ஆகும் என்று கருவிக்குக் கருவி பாருங்கள். சிலவற்றில் நேரம் கடந்த பதிவுகள் அப்படியே நிற்கும், சிலவற்றில் அடுத்த இடத்துக்கு நகரும். தானியங்கி மின்னஞ்சல்கள்தான் ஆபத்து: நிறுத்திய நாட்களில் தகுதி பெற்றவர்கள் எல்லாம் வரிசையில் காத்திருந்து, திறந்ததும் ஒரே மணி நேரத்தில் மொத்தமாகப் போய்விடலாம். ஒருவருக்கே நான்கு செய்தி. அந்த வரிசையைக் காலி செய்துவிட்டு, அன்று முதல் வருபவர்களுக்கு மட்டும் ஓடும்படி மாற்றிவிடுவதுதான் நல்லது. பழைய கூடை நினைவூட்டல் தாமதமாகப் போய் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். நம் விளம்பரங்களில் ஊறிப்போன சொற்கள் அப்போதுதான் காதில் விழும். தள்ளுபடி மழை, சலுகை வெள்ளம், சரவெடி ஆஃபர், விலையில் பெரும் சரிவு, அடித்து நொறுக்கும் விலை. மற்ற நாட்களில் இவற்றை யாரும் கவனிப்பதே இல்லை. வெள்ளம் வடிந்த பத்தாம் நாள் ‘சலுகை மழை கொட்டுகிறது’ என்ற பலகை போனால், எழுதியவர் ஏதோ வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும். படங்களையும் பாருங்கள், குடை பிடித்துச் சிரிக்கும் குழந்தை என்பது வடிவமைப்பாளருக்கு ஒரு மழைக்காலப் படம், அவ்வளவுதான். முதலில் போக வேண்டியது விற்பனை அல்ல, பயன்படும் தகவல். நனைந்த மரச்சாமான்களை வெயிலில் வைக்காமல் நிழலில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும் என்று சொல்ல இந்த நிறுவனத்துக்குத் தகுதி இருக்கிறது. அடியில் கடைக்கு இணைப்பு இல்லாமல் அதைச் சொல்லலாம்.

பாதித்த பகுதிக்காகப் போட்ட விலக்குப் பட்டியலை வேலை முடிந்ததும் அழித்துவிடாதீர்கள். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2017 ஏப்ரலில் அதே ஓட்டத்தை முடித்தவர்களுக்கு அடிடாஸ் ஒரு வாழ்த்து மின்னஞ்சல் அனுப்பியது. பாஸ்டன் மாரத்தானில் உயிர் பிழைத்துவிட்டீர்கள், வாழ்த்துகள் என்பது அதன் தலைப்பு. வேறு எந்த ஊர் ஓட்டத்துக்கும் அது சாதாரண வேடிக்கைப் பேச்சு. நிறுவனம் அன்றே மன்னிப்புக் கேட்டது. நாங்கள் இப்போதெல்லாம் விலக்குப் பட்டியலோடு சேர்த்து, எந்தத் தேதி, என்ன நடந்தது, எந்தச் சொற்களைத் தவிர்த்தோம் என்று நாட்காட்டியில் அடுத்த வருடத்து அதே தேதியில் குறித்து வைக்கிறோம். அந்த வாரத்துக்கு யார் திட்டம் போட்டாலும், புதிதாகச் சேர்ந்தவராகவே இருந்தாலும், அந்தக் குறிப்பு முதலில் கண்ணில் படும்.